மடிப்பில் தேய்ந்த எட்டு

தார்நாகாவில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் இருக்கிறது ரமணியின் அலுவலகம். அங்கே அவள் செய்யும் வேலையைக் கேட்பவர்களிடம், "பில்லைத் துடைக்கிறேன்" என்றுதான் சொல்வாள். மருந்து ஏஜென்சிகள் தங்கள் பில்களைப் போனில் படம் பிடித்து அனுப்புவார்கள். படம் சாய்ந்திருக்கும், பிடித்தவனின் கை நிழல் பாதித் தாளை மறைத்திருக்கும். ரமணி நிழலை நீக்கி வெளிச்சத்தைச் சமமாக்குவாள், வரிகளை நேராக்குவாள், பிறகு கறுப்பு வெள்ளையாக மாற்றுவாள். கடைசியில் தாளில் சிதறிக் கிடக்கும் புள்ளிகளை அழிப்பாள். அதற்குப் பிறகுதான் எழுத்தைப் படிக்கும் மென்பொருளுக்குப் படம் போகும்.

அவள் அப்பா லாலாகுடா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். அவர் படுக்கையில் விழுந்தபோது பி.காம். இரண்டாம் வருஷத்தோடு படிப்பை விட்டுவிட்டு இங்கே டைப் அடிக்க வந்தாள். பில்லைப் பார்த்துப் பார்த்துப் பன்னிரண்டு வருஷம் அடித்தாள். கம்ப்யூட்டரே படிக்கத் தொடங்கியதும் பத்துப் பேரில் ஒன்பது பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். படம் சுத்தமாக இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் தப்பாகத்தான் படிக்கும் என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்ததால் இவள் மட்டும் தங்கினாள். இப்போது நாற்பத்தாறு வயது. வீட்டில் அவள் தமிழில் கேட்பாள், மகன் ஊர்ப் பாஷையான தெலுங்கில் பதில் சொல்வான்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், மேலாளர் வெங்கட்ரமணன் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து வந்தார். ஒரு ஊசி மருந்தில், K4817 என்ற பேட்சில், கண்ணாடித் துகள் கண்டுபிடித்திருக்கிறார்கள். அறுநூறு குப்பிகள் வெளியே போயிருக்கின்றன. ஏழெட்டு ஏஜென்சிகளின் பில்கள் ஒன்றாகக் கிடைக்கும் ஒரே இடம் இவர்களுடையது. எந்தக் கடைக்குப் போனது என்று உடனே சொல்ல வேண்டும்.

ரமணியோடு வேலை செய்யும் யோகேஷ் தேடினான். அந்தப் பேட்ச் எண்ணில் வந்த பில்களைக் கூட்டினால் ஐந்நூற்று எண்பது. இருபது குப்பிகளைக் காணவில்லை.

"மருந்துக் கம்பெனிக்காரன் கணக்கு தப்பா இருக்கும், அக்கா" என்றான் யோகேஷ்.

"இருந்தா நல்லதுதான். இல்லைன்னா அது இப்ப எவன் உடம்புலயோ ஏறிட்டு இருக்கும்" என்றாள் ரமணி.

அவளே தேடினாள். ஒரு எழுத்து மாறிய எண்களையெல்லாம் பார்த்தாள். K4317 என்று நிறைய வந்தது. அதுவும் அதே மருந்தின் உண்மையான பேட்ச்தான், அதனால் சரிபார்ப்பில் யாருக்கும் சந்தேகம் வந்திருக்கவில்லை. சுத்தம் செய்த படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். எல்லாவற்றிலும் மூன்று மூன்றாகவே இருந்தது. வெள்ளைத் தாளில் பளிச்சென்று இருந்தது.

பிறகுதான் சுத்தம் செய்யாத மூலப் படங்களை எடுத்தாள். முப்பத்திரண்டாவது பில், பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அடித்தது. அந்த வகையில் எழுத்தே புள்ளி புள்ளியாகத்தான் விழும். தாளின் மடிப்பு ஓர் எண்ணின் இடப்பக்கமாக ஓடி, அங்கிருந்த புள்ளிகளைத் தேய்த்திருந்தது. பெரிதாக்கிப் பார்த்தாள். மங்கலாக, ஆனால் சந்தேகமில்லாமல், அது எட்டு. ஒன்றையொன்று தொடாமல் நின்ற அந்தப் புள்ளிகளை அழுக்கு என்று நினைத்து அழித்துவிட்டு, மீதியை மூன்றாக விட்டிருந்தது மென்பொருள்.

எவ்வளவு பெரிய புள்ளி வரை அழிக்கலாம் என்ற அளவை வைத்தது ரமணி. படத்தில் புள்ளி நிறைய இருக்கிறது என்று போன மாதம் ஒரு வாடிக்கையாளர் குறைப்பட்டதால் அதைக் கூட்டியிருந்தாள். லேசர் பிரிண்ட் பில்களில் சோதித்திருந்தாள். டாட் மேட்ரிக்ஸில் சோதிக்கவில்லை.

பில் மௌலா அலியில் ஒரு சின்ன நர்ஸிங் ஹோமுக்குப் போனது. ரமணியே போன் செய்தாள். ஜெஸ்ஸி என்ற நர்ஸ் எடுத்தாள். அலமாரியைப் பார்த்துவிட்டு வந்து, பதினாலு இருக்கிறது என்றாள்.

"மீதி ஆறு?"

"போட்டாச்சு மேடம். மூணு பேஷன்ட்டுக்கு. ஒருத்தங்க இன்னும் இங்கதான் இருக்காங்க. டாக்டர்கிட்ட இப்பவே சொல்றேன்."

ரமணி போனை வைத்தாள்.

"கண்டுபிடிச்சிட்டீங்க இல்ல, அது போதுங்க" என்றார் வெங்கட்ரமணன். அவர் கோயம்புத்தூர்க்காரர், யாரையும் கடிந்து பேச மாட்டார். மருந்துக் கம்பெனிக்கு எழுதும் கடிதத்தில் மென்பொருள் கோளாறு என்று போட்டுவிடலாம் என்றார்.

"நக்கோ சார், வேண்டாம். மென்பொருள் நான் சொன்னதைத்தான் செஞ்சுது. அளவைக் கூட்டினது ரமணின்னே எழுதுங்க. அப்பத்தான் அந்தத் தேதிக்கு அப்புறம் வந்த பில் எல்லாத்தையும் திரும்பப் பார்க்கணும்னு அவங்களுக்குத் தெரியும்."

அவள் வேலை போகலாம் என்பது இருவருக்கும் தெரியும். வெங்கட்ரமணன் அவள் சொன்னபடியே எழுதினார்.

டாட் மேட்ரிக்ஸ் பில்கள் மட்டும் இரண்டாயிரத்து முந்நூறு இருந்தன. ரமணி அவற்றைத் தனியாகப் பிரித்தாள். அவற்றுக்குப் புள்ளி அழிப்பதை நிறுத்தினாள். அழுக்கு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை மெல்ல ஒட்டி எழுத்தாக்கிவிட்டு மென்பொருளுக்கு அனுப்பினாள். பழைய வாசிப்பையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, மாறிய இடங்களை மூலப் படத்தோடு ஒப்பிட்டாள்.

ஆறாவது பில்லிலேயே இன்னொரு எண் மாறியிருந்தது. வேறு மருந்து, வேறு பேட்ச். அதைக் குறித்துக்கொண்டு ஏழாவதைத் திறந்தாள்.