களிம்பு பூத்த தவலைகள்

மலையாண்டி அன்று வந்து சொன்னதை சைதுன் பீவி பின்னால் எத்தனையோ தடவை, ஒரு வார்த்தை பிசகாமல் மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். அவன் சிகப்பி ஆச்சி வீட்டுச் சமையற்காரன். அந்த வீட்டுக் கல்யாணத்துக்காகப் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசிக் கொடுத்தது சைதுனும் அவள் புருஷனும்தான். வாசலுக்கு வெளியே நின்றபடியே பேசினான்.

"பீவி, ஆச்சி உங்களை வரச் சொன்னாக."

"கூலி குடுக்கவா?"

"கூலியா? நல்லாக் கேட்டீக. நேத்துச் சம்பந்தி விருந்து. ரசம் களிம்பேறிப் பச்சை தட்டிப் போச்சு. மாப்பிள்ளை வீட்டாளுக பார்க்கப் பார்க்க, தவலையோட தூக்கிச் சாக்கடையில ஊத்துனோம்."

"யாரும் குடிச்சுட்டாகளா?"

"வாயில வைக்கல. வச்சிருந்தா நான் இங்க நின்னு பேச மாட்டேன், போலீசு வந்து நிக்கும்."

"எல்லா ஏனமுமா கெட்டுப் போச்சு?"

"அதை ஆச்சிகிட்ட நீங்களே கேளுங்க. நான் கேட்டா அகப்பையால அடிப்பாக. ஒரு தம்பிடி குடுக்க மாட்டேன்னுட்டாக. கானாடுகாத்தான்ல அவுக தங்கச்சி வீட்டுக்கும் சொல்லி விடப் போறாகளாம்."

அவன் போன பிறகும் சைதுன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூலியை விட அந்தக் கடைசி வார்த்தைதான் அவளை உலுக்கியது. தங்கச்சி வீட்டில் தை மாதம் கல்யாணம். அந்த வீட்டுப் பாத்திரங்களுக்கும் ஈயம் பூச ஆச்சி வாய்வார்த்தை கொடுத்திருந்தாள். ஒரு ஆச்சி வேண்டாம் என்று சொன்னால் தெருவே வேண்டாம் என்று சொல்லும். பிறகு காரைக்குடியில் அவர்களுக்கு எந்தப் பின்கட்டுக் கதவும் திறக்காது.

உள்ளே அவள் புருஷன் அல்லாபிச்சை காலில் கட்டோடு படுத்திருந்தார். பித்தளைப் பாத்திரத்துக்குள் மணலைக் கொட்டி, அதன் மேல் ஏறி நின்று, இடுப்பைத் திருப்பித் திருப்பிக் காலாலேயே தேய்க்கிற தொழில். அந்த வேலையில் உள்ளங்கால் கிழிந்து சீழ் பிடித்திருந்தது.

"பொம்பளை நீ போய் என்ன பேசப் போறே? அடுப்புல காய விட்டுட்டு நம்ம மேல பழி போடுறாக. அப்படியே சொல்லு. ஒண்ணை ஒத்துக்கிட்டேன்னா மொத்தமும் நம்ம தலையில வந்து விழும்."

பாத்திரத்தின் அடியும் வயிறும்தான் காலுக்கு எட்டும். கழுத்துக்கு எட்டாது. கழுத்தைக் கையால் தேய்ப்பது அவள் வேலை. கடைசி நாள் மழை பிடித்துக்கொண்டது. ஈயம் பிடிக்கத் தூவுகிற நவச்சாரம் நீர்த்துப் போயிருந்தது, உலை அணைந்து அணைந்து எரிந்தது. கை வலித்தது. இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, போதும் என்று கீழே வைத்த தவலைகள் எத்தனை என்று அவளுக்கே தெரியாது. அழுக்குப் போகாத பித்தளையில் ஈயம் பிடிக்காது. பிடித்தது போல் மினுக்கிக் காட்டும், புளி பட்டதும் உரிந்துவிடும். இது அல்லாபிச்சைக்குத் தெரியாது.

ஆச்சி வீட்டுக்குப் போகும் வழி நெடுக யோசித்துக்கொண்டே நடந்தாள். அடுப்பின் மேல் பழி போட்டுவிடலாம். போட்டால் மலையாண்டி வேலை போகும். ஒத்துக்கொண்டால் தன் வீட்டு அடுப்பு எரியாது. ஈயக்கடையில் பினாங்கு ஈயம் கடனாக வாங்கியது அப்படியே நின்றது.

பின்கட்டில் பாத்திரங்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். சிகப்பி ஆச்சி தூணோரம் உட்கார்ந்திருந்தாள்.

"வா பீவி. உன் புருஷன் வரலையா? ஒளிஞ்சுக்கிட்டானா?"

"கால்ல புண்ணு ஆச்சி. நடக்க முடியல."

"எனக்கும்தான் நேத்து நடக்க முடியல, சபையில. சம்பந்தியம்மா கேக்குறா, உங்க வீட்டுல ஈயம் பூசுறது இல்லையான்னு. பதினெட்டு ரூபா கூலி கேட்டீகளே, எதுக்குக் கூலி? களிம்புக்கா?"

சைதுன் பாத்திரங்களின் பக்கம் குனிந்தாள். "நான் ஒவ்வொண்ணாப் பார்த்துச் சொல்லலாமா ஆச்சி?" என்று மட்டும் கேட்டாள்.

"பாரு. என் கண்ணு முன்னாடியே பாரு."

அவள் முதல் தவலையை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கழுத்து வளைவில் ஈயம் செதில் செதிலாக உரிந்து, மஞ்சள் பித்தளை பல்லைக் காட்டியது. அதை இடப்பக்கம் வைத்தாள். அடுத்த நாலும் அப்படியே இடப்பக்கம் போயின. இன்னொன்றில் கழுத்து நன்றாக இருந்தது, ஆனால் ஈயம் உருகி வழிந்து அடியில் மணி மணியாகத் திரண்டிருந்தது. வெறும் பாத்திரத்தைத் தீயில் ஏற்றினால்தான் அப்படி ஆகும். நிமிர்ந்தாள். அடுக்களை வாசலில் மலையாண்டி முகம் வெளுத்து நின்றிருந்தான். அதையும் அதே மாதிரி உருகியிருந்த அதன் ஜோடியையும் வலப்பக்கம் தள்ளி வைத்தாள். சின்னப் பாத்திரங்கள் எல்லாம் பழுதில்லாமல் இருந்தன.

"இந்த அஞ்சு தவலையும் எங்க குத்தம் ஆச்சி. கழுத்தை நான்தான் தேய்ச்சேன், சரியாத் தேய்க்கல. இதுகளுக்குக் கூலி வேண்டாம், மறுபடி பூசித் தாரோம். இந்த ரெண்டும் சூடு கூடிப் போனது. அது எங்க வேலை இல்ல. ஆனா பாதிக் கூலிக்குச் செஞ்சு தாரோம். மத்ததுக்கு மட்டும் கூலி குடுங்க."

"சூடு கூடுச்சுன்னா யாரு கூட்டுனது?"

"கல்யாண அடுப்பு ஆச்சி. எத்தனையோ கை."

ஆச்சி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வேலைக்காரியைக் கூப்பிட்டு, உள்ளறையிலிருந்து இன்னொரு தவலையைக் கொண்டுவரச் சொன்னாள்.

"இதை வெளியிலேயே எடுக்கல. விருந்துக்குத் தேவைப்படல. இது எப்படி இருக்குன்னு சொல்லு."

பளபளவென்று இருந்தது. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. சைதுன் கழுத்துக்குள் கையை விட்டு நகத்தால் கீறினாள். ஒரு சின்னச் செதில் நகத்தோடு வந்தது. ஆச்சி உட்கார்ந்த இடத்திலிருந்து அது தெரியாது. நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டால் அந்தத் தவலையின் கூலி பன்னிரண்டு அணா மிச்சம். ஆனால் தை மாதம் தங்கச்சி வீட்டுக் கல்யாணத்துக்கு இந்தத் தவலையும் போகும், அதற்குள் புளிக்குழம்பு கொதிக்கும். கானாடுகாத்தானில் யாராவது அதைச் சாப்பிடுவார்கள்.

தவலையைத் தூக்கி இடப்பக்கம் வைத்தாள்.

"இதுவும் ஆச்சி. ஆறு."

இப்போது எல்லாம் போயிற்று, புருஷன் சொன்னது சரிதான் என்று சைதுன் நினைத்தாள்.

"பூசாத ஏனத்துக்கா கூலி கேட்டே நீ," என்றாள் ஆச்சி மெதுவாக. "சரி. ஆறு தவலைக்கு நாலரை ரூபா கழிஞ்சுது. அந்தச் சூட்டுத் தவலை ரெண்டும் திரும்பி வரட்டும், அப்பப் பேசுவோம், அதுவரைக்கும் அதுகளோட கூலி ஒன்றரை ரூபா நிக்கட்டும். மிச்சம் பன்னெண்டு ரூபாயை வாங்கிட்டுப் போ. என் கோபம் இன்னும் ஆறல, அதைத் தெரிஞ்சுக்க."

"தெரியுது ஆச்சி."

"வெயில் அடிக்கிற நாளாப் பார்த்துப் பூசு. மலையாண்டி, தவலைகளை வண்டியில ஏத்து. நிக்கிறான் பாரு, பேயறைஞ்சவன் மாதிரி."

வண்டியில் தவலைகளை அடுக்கும்போது மலையாண்டி அவள் பக்கம் திரும்பவே இல்லை. கயிற்றை மட்டும் இரண்டு முறை இழுத்துப் பார்த்துக் கட்டினான்.

சைதுன் ரூபாயை முந்தானையில் முடிந்தாள். கிளம்ப வேண்டியவள் கிளம்பாமல் நின்றாள். தங்கச்சி வீட்டு வேலை இருக்கிறதா, போய்விட்டதா என்று ஆச்சி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

"இன்னும் என்ன பீவி?"

"ஒண்ணு கேக்கணும் ஆச்சி. இனிமே எங்க வேலையில ஏதும் குத்தம் தெரிஞ்சா, கானாடுகாத்தானுக்குச் சொல்லி விடுறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிட்டு விடுங்க. எந்த நேரமானாலும் வாரேன்."