பயம் என்று எழுதியவள்

குழந்தைகள் வார்டில் ஒரு இடம் காலி. நர்சிங் சூப்பிரண்டான என் மேஜைக்கு விண்ணப்பங்கள் வந்து விழுந்தன. ‘சிறுவயது முதலே குழந்தைகள் என்றால் எனக்கு உயிர்.’ எல்லாக் கடிதத்திலும் இதே வரி. ஒரே கம்ப்யூட்டர் சென்டரில் அடித்து, பெயரை மட்டும் மாற்றியிருப்பார்கள்.

ஒன்று மட்டும் வேறு. போன மாதம்தான் நர்சிங் கவுன்சிலில் பதிவு வாங்கிய பெண். ‘குழந்தைகளைக் கண்டால் எனக்குப் பயம். வலிக்கும் இடத்தைச் சொல்லத் தெரியாதவர்கள். அதனால் மூச்சை முழு நிமிடம் எண்ணுவேன். வேலையில் நான் கொஞ்சம் மெதுவானவள்.’

இரண்டு தடவை படித்தேன். வேலை கேட்கிறவள் தன் குறையைத் தானே எழுதுவாளா? இதுவும் ஒரு சாமர்த்தியமோ?

வார்டு இன்சார்ஜ் சிஸ்டருக்குச் சந்தேகமே இல்லை. “நெட்ல சுட்டிருப்பா மேடம். இவள வச்சு இருபது கட்டில எப்படி ஓட்டுதது?”

நேர்முகத்துக்கு வந்தவளிடம் நான் எதுவும் கேட்கவில்லை. நேரே வார்டுக்குக் கூட்டிப்போனேன். துறைமுகத்து நிலக்கரித் தூசிக்குப் பயந்து ஜன்னல்களை எப்போதும் சாத்தியே வைத்திருக்கும் வார்டு. சளி, காய்ச்சலென்று முந்தின நாள் சேர்ந்த ஏழு மாதக் குழந்தையைக் காட்டி, “மூச்சு எண்ணிச் சொல்லு” என்றேன். அதன் தாய் மாப்பிள்ளையூரணிக்காரி. பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

வேலைக்கு வந்தவள் எண்ணவில்லை. சும்மா நின்றாள். ஒரு நிமிடம், மூன்று, ஐந்து.

“ஏளா, வேடிக்க பாக்கவா வந்த?” என்றாள் இன்சார்ஜ்.

“குடிச்சு முடிக்கட்டும் சிஸ்டர். குடிக்கும்போது எண்ணுனா தப்பா வரும்.”

மாட்டிக்கொண்டு மழுப்புகிறாள் என்றே நினைத்தேன். குழந்தை அசந்ததும், தாயிடம் கேட்டுச் சட்டையை மெல்லத் தூக்கினாள். வயிற்றைப் பார்த்தபடி முழு நிமிடம். மறுபடியும் ஒரு நிமிடம்.

“அம்பத்தி நாலு மேடம். இந்த வயசுக்கு அம்பதத் தொடக் கூடாது. டாக்டர கூப்பிடணும்.”

சார்ட்டை எடுத்தேன். காலையிலிருந்து மூச்சுக் கணக்கு மூன்று தடவை எழுதியிருந்தது. மூன்றிலும் இருபத்தெட்டு. பக்கத்துக் கட்டிலின் சார்ட்டிலும் இருபத்தெட்டு. அதற்கடுத்ததிலும்.

டியூட்டி டாக்டர் ஓடி வந்து நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். முகம் மாறியது. எக்ஸ்ரே எழுதினார், ஆக்சிஜன் வைக்கச் சொன்னார். தாய் எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள்.

வராந்தாவில் இன்சார்ஜ் என் காதருகே வந்தாள். “இவள எடுத்தா நாளைக்கு நம்மளையே மாட்டிவிடுவா மேடம்.”

“நாம ஏற்கெனவே மாட்டியாச்சு சிஸ்டர்.”

அந்தப் பெண்ணிடம், “திங்கக்கிழம வந்து சேரு” என்றேன். நன்றி சொல்வாள் என்று நின்றேன். அவளோ என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அத்தனை நாள் நான் கடிதங்களைப் பார்த்த அதே பார்வை.

“ஒரு டியூட்டிக்கு ஒரு ஆளு எத்தன பிள்ளைங்கள பாக்கணும் மேடம்?”

“பத்து” என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. “இருபது” என்றேன்.

“அப்ப எல்லாருக்கும் முழு நிமிசம் எண்ண முடியாதே.”

“இன்னொரு ஆளு கேட்டு இன்னைக்கே எழுதுதேன்.”

“எழுதுங்க மேடம்” என்றாள், நம்பாத குரலில். “திங்கக்கிழம வாரேன்.”