இரண்டு சொல் குறைந்த வாழ்நாள்

புற்றுநோய் மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு காற்றாடி மட்டும் முனகும் அறையில், இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருந்தவளை எல்லோரும் கால்புள்ளி என்றே கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. ஆங்கிலத்தில் வரும் மருந்துச் சோதனை அறிக்கைகளை நோயாளிகளுக்குப் புரியும்படி ஒரு பக்கத் தமிழில் இறக்குவது அவள் வேலை. ஒரு சொல் மிகுந்தாலும் அவளுக்கு மூக்கு அரிக்கும். தன் கல்யாணப் பத்திரிகையிலேயே ஏழு சொல்லை வெட்டினாளாம், அதில் ஒன்று மாப்பிள்ளையின் பட்டமாம். அடுத்த வருடம் மாப்பிள்ளையையே வெட்டிவிட்டாள் என்பது அலுவலகத்தார் கட்டிவிட்ட கதை. பாவம், அவர் தானாகவே போனவர்.

அவள் வாழ்க்கையில் அதிகமாக வம்பு பண்ணிய சொல் 'முன்னேற்றம்'. நோய் வளர்வதை ஆங்கிலத்தில் முன்னேற்றம் என்கிறார்களே என்று அவளும் ஆரம்பத்தில், நோய் பெருகும் வரையிலான காலத்தை 'முன்னேற்றமில்லா வாழ்நாள்' என்று எழுதிவைத்தாள். ஒரு கிழவர் துண்டறிக்கையை எடுத்துக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தார். முன்னேற்றமே இருக்காது என்று நீங்களே அச்சடித்துக் கொடுத்துவிட்டு மருந்தையும் விழுங்கச் சொன்னால் என்ன நியாயம் என்று கேட்டார். அன்றே அதை 'நோய் பெருகாத வாழ்நாள்' என்று மாற்றினாள். நல்ல மாற்றம்தான். அதுவே பிற்பாடு அவள் கழுத்தைப் பிடித்தது.

போன வருடம் ஒரு புது மாத்திரையின் அறிக்கை வந்தது. 'நோய் பெருகாத வாழ்நாள் மூன்று மாதம் கூடும். அபாயம் 38 சதம் குறையும்' என்று தலைப்பு எழுதினாள். தலைப்பு ஒரு வரிக்குள் அடங்காமல் பிதுங்கியது. கத்தரிக்கோல் கை சும்மா இருக்குமா? 'நோய் பெருகாத' என்ற இரண்டு சொல்லையும் எடுத்துவிட்டாள். கீழே விவரமாகத்தான் இருக்கிறதே என்று நினைத்தாள். சரிபார்க்கும் டாக்டர் எண்களை மட்டும் பார்த்தார். எண்கள் எல்லாம் சரியாக இருந்தன. நாலாயிரம் பிரதி போயிற்று.

அதில் ஒன்று அவள் அக்கா வீட்டில், பிளாஸ்டிக் உறை போட்டு, குளிர்பெட்டிக் கதவில் ஒட்டப்பட்டிருந்தது.

அக்காவுக்கு நோய் வந்து ஒரு வருடம். அந்த மாத்திரையைத் தொடங்கி மூன்று மாதம். உள்ளங்கை வாழைப்பட்டை மாதிரி உரிந்தது. வாயெல்லாம் புண். கரண்டி பிடிக்க முடியாமல் இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு சாப்பிட்டாள். அளவைக் குறைக்கலாம் என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். அக்கா இரண்டு தடவையும் மறுத்தாள். குறைக்கிற ஒவ்வொரு மில்லிகிராமும் தன் ஆயுளில் குறைகிறது என்பது அவள் எண்ணம். அந்த எண்ணத்துக்கு உரம் போட்டவர் அத்தான், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஞாயிறு வரும் விருந்தாளிக்கெல்லாம் குளிர்பெட்டிக் கதவருகே பாடம் எடுத்தார்.

"நூறு பேரு சாவணும்னா, இந்த மாத்திரையில முப்பத்தெட்டு பேரு தப்பிச்சிடறாங்க. நேர்க் கணக்கு. என்னம்மா, எழுதினவ நீதானே, சரிதானே?"

கால்புள்ளி தலையாட்டினாள். ஆடிய தலையை நிறுத்த முடியவில்லை. அக்காவின் உரிந்த கை மேஜைமேல் மல்லாந்து கிடந்தது.

மறுநாள் அலுவலகத்தில் மூல அறிக்கையை விரித்தாள். பழைய சிகிச்சை பெற்றவர்கள் ஒரு வரிசை, புது மாத்திரை விழுங்கியவர்கள் ஒரு வரிசை. ஸ்கேனில் நோய் பெருகுவதோ மரணமோ, எது முதலில் வருகிறதோ அதுவரை எண்ணிய கணக்கில் விகிதம் 0.62. அதாவது இன்னும் பெருகாமல் நிற்பவர்களில், பழைய வரிசையில் நூறு என்ற வேகத்தில் அது நடந்தால், புது வரிசையில் அறுபத்திரண்டு என்ற வேகத்தில் நடக்கிறது. குறைந்த அந்த முப்பத்தெட்டு வேகக் கணக்கு. எத்தனை பேர் தப்பினார்கள் என்றும் சொல்லாது, எத்தனை மாதம் என்றும் சொல்லாது. வரிசையின் நடுவில் நிற்பவருக்கு ஐந்து மாதம் எட்டானது என்பது தனிக் கணக்கு.

மொத்த வாழ்நாள் ஏழாம் பக்கத்தில் இருந்தது. விகிதம் 0.97. உண்மை 0.81 முதல் 1.16 வரை எங்கேயும் இருக்கலாம். ஒன்று என்றால் வித்தியாசமே இல்லை. இந்த இடைவெளியோ ஒன்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கால் போட்டு நின்றது. மாத்திரை ஆயுளைக் கூட்டலாம், குறைக்கலாம்; கூட்டுகிறது என்று இந்தச் சோதனையை வைத்துச் சொல்ல முடியாது. பழைய வரிசையில் பலரும் நோய் பெருகிய பிறகு இதே மாத்திரைக்கு மாறினார்கள், அதனால் வித்தியாசம் மங்கியிருக்கலாம் என்றும் எழுதியிருந்தது. 'லாம்', 'லாம்' என்று எல்லாம் ஆகாயத்தில் நின்றன. இன்னொரு வரியும் இருந்தது: மாத்திரை வரிசையில் பாதிப் பேருக்கு நடுவிலேயே அளவு குறைக்கப்பட்டது, அவர்களும் சேர்ந்ததுதான் இந்த முடிவு.

மேலாளரிடம் போய்த் திருத்தச் சீட்டு ஒட்ட வேண்டும் என்றாள். எண் தப்பா என்று அவர் கேட்டார். எண் சரி, சொல் தப்பு என்றாள். எண் சரியென்றால் திருத்தக் குழுவுக்கு அனுப்ப முடியாது, சொல்லைப் பற்றியென்றால் மூன்று மாதம் கழித்துக் கூடும் குழு வேறு என்றார். கிணற்றில் விழுந்தவன் மேலே கூப்பிட, மேலே நின்றவன் மனு கேட்ட கதைதான். அறைக்குத் திரும்பி, அந்தத் தலைப்பை இருபது தடவை படித்தாள். தமிழ் அழகாகத்தான் இருந்தது.

புதன்கிழமை அத்தான் நூலகம் போன நேரம் பார்த்து அக்காவிடம் போனாள். தான் வெட்டிய சொல்லைச் சொன்னாள், ஏழாம் பக்கத்தைச் சொன்னாள். விகிதத்தைச் சொல்லும்போது நாக்கு இரண்டு முறை இடறியது.

அக்கா தன் உரிந்த கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "வண்டி நடுவுல நின்னு நின்னு போவுது. ஆனா போய்ச் சேர்ற நேரம் அதேதான்ங்கறியா?"

"அதேன்னும் சொல்ல முடியாதுக்கா. முன்ன பின்ன ஆகலாம். நின்ன நேரம் மட்டும் நிச்சயம். அதுவும் எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்ல."

"அந்த நின்ன நேரத்துல இந்தக் கை உரியுது."

"ஆமா."

"மூணு மாசம் வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன்டி. ரெண்டு வார்த்தைக்கா?"

கால்புள்ளிக்கு அழுகை வந்தது. அக்கா அதைப் பார்க்காதவள் போலக் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். ஆறவைத்த தண்ணீரைத் துணி சுற்றிய கையில் வாங்கிக்கொண்டு, நாளைக்கே டாக்டரிடம் போய் அளவைக் குறைக்கச் சொல்லலாம் என்றாள். பாதிப் பேர் அப்படித்தான் என்று அறிக்கையே சொல்கிறதே. அப்புறம் குரலைத் தாழ்த்தினாள்.

"உங்க அத்தான்கிட்ட மூச்சு விடாத. அந்த முப்பத்தெட்டைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அவரு எழுந்து நடமாடறாரு. அதை உருவிட்டா நான் ரெண்டு நோயாளியைப் பார்க்கணும்."

"அக்கா, ஊரெல்லாம் கூப்பிட்டுத் தப்புக் கணக்கு சொல்லிக் கொடுக்கறாரே…"

"சொல்லட்டும். நீ தலையாட்டு. ஆரம்பிச்சவ நீதான்."

டாக்டர் அளவைக் கால் பங்கு குறைத்தார். பத்தாம் நாள் அக்கா கரண்டியை விரல்களால் பிடித்தாள்.

அந்த ஞாயிறு அத்தான் கால்புள்ளியை வராந்தாவுக்குக் கூட்டிப்போய், அளவு குறைந்தால் முப்பத்தெட்டு எவ்வளவாகும், விகிதசமமாக இருபத்தெட்டரையா என்று ரகசியமாகக் கேட்டார். காகிதத்தில் வகுத்தும் வைத்திருந்தார்.

"சோதனையிலயே பாதிப் பேருக்குக் குறைச்சிருக்காங்க அத்தான். அவங்களையும் சேர்த்துத்தான் அந்த எண்ணு."

ஒரு சொல் பொய்யில்லை. அத்தானின் முகம் விரிந்தது. உள்ளே போய், பக்கத்து வீட்டுக்காரரைக் குளிர்பெட்டி முன்னால் நிறுத்தி, நூறு பேரில் முப்பத்தெட்டு என்று முதலிலிருந்து ஆரம்பித்தார். அக்கா கட்டிலிலிருந்து தங்கையைப் பார்த்தாள். அத்தான் திரும்பி, சரிதானேம்மா என்றார்.