உள்மொத்தம் கூட்டிய கணக்கு

எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். வடிவுடையம்மன் சாட்சியாக, நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

ராயபுரம் விறகுக்கடையில் கணக்கு எழுதினேன். வருஷச் சுருக்கத்தில் 'செலவு' என்ற பெரிய தலைப்பின் கீழ் ராயபுரம், எண்ணூர் என இரண்டு கடைக்கும் தனித்தனிப் பத்தி. எண்ணூருக்குப் படகுக்கூலி 180, சுமைகூலி 120, கூலி உள்மொத்தம் 300, வாடகை 60. அடியில் மொத்தம் போடும்போது உள்மொத்தத்தையும் சேர்த்துக் கூட்டிவிட்டேன். 360 வரவேண்டிய இடத்தில் 660. ராயபுரத்துக்குப் படகு கிடையாது. கூலி ஒரே வரியில் முடிந்ததால் உள்மொத்தமும் இல்லை, பிழையும் இல்லை.

முதலாளி அடிவரியை மட்டும் பார்ப்பவர். எண்ணூர்க் கடையைப் பார்த்துக்கொண்டவரை வரவழைத்தார்.

"இன்னாய்யா, உனக்கு மட்டும் இம்மாஞ் செலவு? வெறகு எரிஞ்சுதா, என் துட்டு எரிஞ்சுதா?"

"அம்மன் மேல ஆணை நைனா, ஒரு தம்பிடி தொடல."

"நாளைலேர்ந்து வராதே."

மூன்றாம் நாள் பிழையைக் கண்டுபிடித்துச் சொன்னேன். "வேற ஆளு வச்சாச்சு, வுடுய்யா" என்றார் முதலாளி. எண்ணூர்க்காரரைத் தேடிப் போனேன்; காத்திவாக்கத்தில் அவர் வீடு பூட்டியிருந்தது. குடும்பத்தோடு ரங்கூன் கப்பல் ஏறிவிட்டதாகப் பக்கத்து வீட்டார் சொன்னார்கள். திரும்பி வந்து, 660-ஐ அடித்து 360 என்று எழுதினேன். அழுகைகூட வரவில்லை.

அந்த எண்ணூர்க்காரரைத் தெரிந்தவர்களிடம் இதைச் சொல்லுங்கள். எனக்காக இரக்கப்பட்டு ஒரு வார்த்தையும் மாற்றாதீர்கள்.