அக்காவின் மூன்று புள்ளிகள்

ஹாம்பர்க்குக்கு வந்த புதிதில், கூட வேலை பார்க்கும் கத்ரின் வெள்ளிக்கிழமை ஷிப்டை மாற்றிக்கொள்ள முடியுமா என்று செய்தி அனுப்பினாள். "ஓகே..." என்று பதில் போட்டேன். மதியம் என் மேஜைக்கே வந்து நின்றாள். "உனக்கு இஷ்டமில்லையா? என் மேல் ஏதாவது கோபமா?" எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சரி என்றுதானே சொன்னேன்! "அப்படியானால் இந்தப் புள்ளிகள் எதற்கு?" என்று கைபேசியை நீட்டினாள். முடிந்த வாக்கியத்துக்கு ஒரு புள்ளி போதும்; மூன்று வைத்தால் எதையோ விழுங்குகிறாய் என்று அர்த்தமாம். அன்றிலிருந்து ஒற்றைப் புள்ளிக்காரியானேன். கை பழகியதோடு நிற்கவில்லை, கண்ணும் பழகிவிட்டது. வினை அங்கேதான்.

அம்மா அப்பா போன பிறகு, பிறந்த வீடு என்று எனக்கு மிச்சமிருப்பது அபிராமபுரத்தில் உமா அக்கா வீடுதான். சென்ற டிசம்பரில் ஊருக்கு வருவதாக எழுதி, உன் வீட்டிலேயே தங்கட்டுமா என்று கேட்டேன். பதில் வந்தது: "தாராளமா வா... இங்கயே இருக்கலாம்... மாமாவும் கேட்டார்..." அதைப் பத்துத் தடவையாவது படித்திருப்பேன். தாராளமா வா, ஆனால்? இங்கயே இருக்கலாம், வேறு வழியில்லையே? மாமாவும் கேட்டார், எப்போது கிளம்புவாள் என்றா? அக்காவுக்கு நான் பாரமாகிவிட்டேன் என்று முடிவே கட்டிவிட்டேன். "சரி." என்று மட்டும் எழுதிவிட்டு, தி.நகரில் ஒரு ஓட்டலில் அறை போட்டேன்.

வந்திறங்கிய மறுநாள், பாண்டி பஜாரில் வாங்கிய இனிப்புப் பெட்டியோடு விருந்தாளி மாதிரி அக்கா வீட்டு மணியை அடித்தேன். கதவைத் திறந்ததும் மீன்குழம்பு வாசனை. அக்கா என் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"பெட்டியெல்லாம் எங்கடி?"

"ஓட்டல்ல இருக்குக்கா. உனக்கு எதுக்குத் தொந்தரவுன்னு..."

அவள் முகம் சுருங்கிவிட்டது. உள்ளே போய்ப் பின்னறைக் கதவைத் திறந்துவிட்டாள். புது மெத்தை, புது விரிப்பு. ஜன்னலில் நான் சின்ன வயதில் அடம்பிடித்துக் கேட்ட மஞ்சள் நிறத்தில் திரை. சோபாவில் இருந்த மாமா, "உங்கக்காவே காலங்காத்தால நொச்சிக்குப்பம் போய் வஞ்சிரம் வாங்கிட்டு வந்தாம்மா. என்னைக்கூட நம்பல" என்றார். இனிப்புப் பெட்டியைக் கீழே வைத்தேன்.

"நீ எழுதினதப் பாத்தா இஷ்டமில்லாத மாதிரி இருந்துச்சுக்கா. எல்லாத்துக்கும் பின்னாடி இழுத்து இழுத்துப் புள்ளி வெச்சிருந்த."

"அடிப்பாவி! நான் எப்பதான் வெக்கல?" கைபேசியை என் மடியில் போட்டாள். மேலே தள்ளிப் பார்த்தேன். "பால் வாங்கிட்டேன்..." "கரண்ட் வந்துடுச்சு..." "மாமாவுக்கு சுகர் நார்மல்..."

"பால் வாங்கினதுல எனக்கு என்னடி வருத்தம்? வாசல்ல நின்னு 'போறேன்'னு சொல்லுவமா? 'போயிட்டு வரேன்'னுதான சொல்லுவோம். அது மாதிரிதான். பேச்சு முடியல, அப்புறம் பேசலாம்னு விடறது. நீதான் 'சரி'ன்னு எழுதி நங்குன்னு ஒரு புள்ளி வெச்ச. ஏதோ கோவத்துல இருக்க, நேர்ல வரட்டும்னுதான் ஃபோன்கூடப் பண்ணல."

யோசித்துப் பார்த்தால் அவள் சொல்வது சரி. கைபேசியில் 'அனுப்பு' என்பதைத் தட்டினாலே செய்தி முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் வைக்கும் புள்ளிக்கு வாக்கியத்தை முடிக்கும் வேலை இல்லை. அது குரலாகத்தான் காதில் விழும். ஆனால் யார் குரலாக விழும் என்பது படிப்பவரைப் பொறுத்தது. கத்ரினுக்கு மூன்று புள்ளி என்றால் சந்தேகம். கல்லூரியில் படிக்கும் அக்கா மகளைக் கேட்டால், "மூணு டாட் போட்டா மூஞ்சத் தூக்கி வெச்சிருக்காங்கன்னு அர்த்தம் சித்தி" என்று சிரிக்கிறாள். அக்காவுக்கோ அது வாசல்வரை வந்து வழியனுப்புவது. எழுத்துக்கு முகமில்லை. என் பயத்தின் முகத்தை நானே அதற்கு மாட்டிவிட்டிருக்கிறேன்.

அன்று சாயங்காலமே மாமா தி.நகர் போய் என் பெட்டிகளை எடுத்து வந்துவிட்டார். விடுமுறை முழுக்க மஞ்சள் திரை அறையில்தான் தூங்கினேன்.

திரும்பி வந்து, ஹாம்பர்க் விமான நிலையத்திலிருந்தே செய்தி அனுப்பினேன். கத்ரினுக்கு, "நாளை வருகிறேன்." அக்காவுக்கு, "வந்து சேந்துட்டேன்க்கா..." கவனமாக மூன்று புள்ளி வைத்தேன். அக்கா உடனே பதில் போட்டாள்.

"சரி."

ஒற்றைப் புள்ளி. அக்காவுக்கு இப்போது என்ன கோபம்? பிறகுதான் உறைத்தது: தங்கச்சிக்கு இப்படித்தான் புரியும் என்று, அவள் என் ஹாம்பர்க் பாஷையில் எழுதியிருக்கிறாள். விமானத்தில் வந்த பெட்டிகள் பெல்ட்டில் என்னைத் தாண்டிச் சுற்றிக்கொண்டிருந்தன. நின்ற இடத்திலேயே, வேறொன்றும் எழுதாமல், அவளுடைய புள்ளிக்குக் குறைந்த இரண்டு புள்ளிகளை மட்டும் தட்டி அனுப்பினேன்.