தோள்பட்டைக்கு வலிக்காத கியர்

தாம்பரம் ஸ்டேஷனில் மின்சார ரயிலிலிருந்து இறங்கும்போது கால் வழுக்கி, என் கணவரின் வலது தோள்பட்டை எலும்பு உடைந்தது. கட்டுப் போட்ட பிறகு வாரத்தில் பாதி நாள் பிசியோதெரபி. மழையில் குண்டும் குழியுமான எங்கள் செம்பாக்கம் தெருவுக்கு ஆட்டோக்காரர்கள் வரவில்லை. என் மொபெட் இரண்டு பேரைத் தாங்காது. அவருடைய ஸ்கூட்டரை நான் எடுக்க வேண்டியதாயிற்று.

மொபெட்டில் கியரே கிடையாது. ஸ்கூட்டரிலோ இடது கையால் கிளட்சைப் பிடித்து, அதே கைப்பிடியைத் திருப்பி கியர் மாற்ற வேண்டும். பின்னால் அவர், ஒரு கையைக் கழுத்தில் கட்டிய துணித் தூளியில் தொங்கவிட்டு, மறு கையால் பின்னாலிருந்த ஸ்டெப்னி டயரைப் பிடித்துக்கொண்டு.

"சீக்கிரம் செகண்ட் போடு. பெட்ரோல் குடிக்கும்."

போட்டேன். வண்டி இன்னும் வேகமெடுத்திருக்கவில்லை. எஞ்சின் தடதடவென்று உதறியது.

"அய்யோ, தோளு!"

மறுமுறை பயந்துபோய், எஞ்சின் அலறும் வரை முதல் கியரிலேயே போனேன். பிறகு மாற்றி, கிளட்சைப் பட்டென்று விட்டதும் வண்டி முன்னால் பாய்ந்தது. அவர் பின்னால் சாய்ந்து பல்லைக் கடித்தார்.

"கொல்லப் போறியா என்னை?"

"நீங்கதான சொல்லித் தர்றீங்க?"

ஆபீஸ், சமையல், ஆஸ்பத்திரி என்று ஓடி, சண்டை போடக்கூடத் தெம்பில்லாமல் போன ஒரு சாயங்காலம், அவர் சொன்னதையும் மறந்து, நான் பயந்ததையும் மறந்து ஓட்டினேன். எஞ்சின் முனகலை விட்டு நிறைந்த குரலில் பாட ஆரம்பித்திருந்தது, இன்னும் கத்தத் தொடங்கவில்லை. அந்த இடத்தில் ஆக்ஸிலரேட்டரைத் தணித்து, கிளட்சைப் பிடித்து, கைப்பிடியைத் திருப்பினேன். கிளட்சை மெதுவாக விட்டுக்கொண்டே ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். மேடு ஏறும்போது அந்தக் குரல் வரவே நேரமானது. காத்திருந்து மாற்றினேன்.

வீட்டு வாசல் வரை அவர் வாயைத் திறக்கவில்லை. கோபம் என்று நினைத்தேன்.

"என்னங்க, ஒண்ணுமே சொல்லலை?"

"வலிக்கலையே. என்ன சொல்றது?"

பாராட்டா என்று யோசிக்கவும் அலுப்பாக இருந்தது. உள்ளே போய் அரிசி களைந்தேன்.

தோள் சரியான பிறகு ஸ்கூட்டர் அவரிடமே திரும்பிப் போனது. கீழ்க்கட்டளையில் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது நான் பின்னால் உட்கார்ந்தேன். வழக்கம்போல் அவர் அவசரமாக மூன்றாவது கியருக்குப் போனார். வண்டி உதறியது.

"கொஞ்சம் பொறுத்து மாத்துங்க," என்றேன்.

அவர் மறுபடி இரண்டாவதுக்கு இறங்கி, எஞ்சின் சத்தம் நிறையும் வரை பொறுத்திருந்தார்.