வெள்ளிக்கிழமை ரூம் வரிசை

எங்கள் வீட்டில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த முதல் ஆள் நான். அம்மா பீடி சுற்றுவாள். இரண்டு தங்கைகளும் அதையே கற்றுக்கொண்டார்கள். குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் ஆனி மாதச் சீசனுக்கு மட்டும் ஆள் எடுத்தபோது நான் போனேன். அங்கே ஒத்துவராவிட்டால் திரும்பி வந்து பீடி முறத்தின் முன்னால் உட்கார வேண்டியதுதான். மேனேஜர் அண்ணாச்சியும் அதை மறைக்கவில்லை. "ஒரு வாரம் பாக்கேன். சரிப்படலன்னா பஸ் ஏத்தி விட்ருவேன்" என்றார்.

என் வேலை, விடிந்ததும் எந்த ரூமை முதலில் கழுவுவது என்று ஒரு தாளில் எழுதித் துப்புரவு அக்காவிடம் கொடுப்பது. லாட்ஜில் இருபத்துநாலு மணிக் கணக்கு. இன்று பதினோரு மணிக்கு வந்தவர் நாளை பதினோரு மணி வரை இருக்கலாம். அதனால் ஒவ்வொரு ரூமும் ஒவ்வொரு நேரத்தில் காலியாகும். சாரல் நாட்களில் கீழ்த்தளத்துத் தரை லேசில் காயாது. புது ஆட்கள் வாசலில் நிற்கும்போது கழுவத் தொடங்கினால், அவர்கள் ஈரத் தரையில்தான் பெட்டியை வைக்க வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை மதராஸ் ரயிலில் வரும் ஒரு பெரிய குடும்பத்துக்கு மூன்று ரூம் வேண்டும். தென்காசியில் இறங்கி ஜட்காவில் வரப் பத்து மணி ஆகலாம். மூன்றாம் நம்பர் முந்தின இரவே காலி. ஐந்தில் இருந்தவர் ஒன்பது மணிக்குப் போகவேண்டியவர். மாடியில் பெரிய ரூமான எட்டில் கடையநல்லூர் ஜவுளி வியாபாரி ஒருவர் குடும்பத்தோடு தங்கியிருந்தார். அவர் கணக்கு பதினோரு மணி.

நான் மூன்று, ஐந்து, எட்டு என்று எழுதினேன். அண்ணாச்சி தாளைப் பார்த்ததும் பென்சிலால் எட்டை முதலில் போட்டார்.

"வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம்லா? அதுக்கு முன்னாடி எல்லாரும் கெளம்பிருவாவ. பெரிய ரூம்தான் நேரம் இழுக்கும். அக்காவ இப்பவே மாடியில நிக்கச் சொல்லு. இங்க பாரு, எட்டுச் சாவியும் பலகையில தொங்குது."

எங்கள் லாட்ஜில் எல்லா வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் நடக்குமாம். பதினோரு மணிக் கணக்குக்காரரும் பத்துக்கே பெட்டியைத் தூக்கிவிடுவார்.

"அண்ணாச்சி, அவங்க ராகுகாலம் பாக்கமாட்டாங்க. மத்தியானம் ஜும்ஆ தொழுகைக்கு ஊர் போனாப் போதும். சாவிய வச்சிட்டு அருவிக்குப் போயிருக்காங்க. பில்லும் போடல, மாடிக் கொடியில துணியும் தொங்குது."

"படிச்ச பிள்ள சொல்லுதா, கேட்டுக்கிடுங்க!" என்று காலியான ஹாலைப் பார்த்துச் சொன்னார். "அந்த மதராஸ்காரர் அஞ்சு நாளைக்கு ரூம் கேட்டு எழுதியிருக்காரு. ரூம் இல்லன்னு அடுத்த லாட்ஜுக்குப் போனார்னா, அன்னைக்கே நீயும் பஸ்ஸுதான்."

"சரி அண்ணாச்சி" என்றேன். அவர் காப்பிக்குப் போனதும் அக்காவை மூன்றாம் நம்பருக்கு அனுப்பினேன்.

அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டே சிரித்தாள். "ஏட்டி, ஒன் பஸ்ஸுக்கு நான் டிக்கெட் எடுக்கணுமா?"

"நீ தரையக் காய வை. நான் மெத்தை விரிப்ப மாத்துதேன்."

தலையணை உறைகளில் எண்ணெய்ப் பிசுக்கு. குற்றாலத்தில் எல்லா ரூமிலும் அப்படித்தான். மூன்றைக் கழுவி, பினாயில் போட்டு, மண்பானையில் தண்ணீர் நிரப்பினோம். ஐந்துக்காரர் ஒன்பதுக்குச் சரியாகப் போனார். அக்கா காய்ந்த சாக்கைத் தரையில் இழுத்து இழுத்து ஈரத்தை எடுத்தாள். எட்டின் சாவி தொங்கிக்கொண்டேதான் இருந்தது. அண்ணாச்சி இரண்டு முறை மாடிக்கு ஏறி, இரண்டு முறையும் கொடியில் தொங்கிய துணியைப் பார்த்துவிட்டு இறங்கினார்.

ஜட்காக்கள் வந்தபோது பத்து தாண்டிவிட்டது. அந்தக் குடும்பத்தின் மூத்த அம்மாள் இறங்கியதும் கேட்டது ரூமைப் பற்றித்தான். "பத்தரைக்குள்ள உள்ளே நுழைஞ்சாகணும். ரூம் தயாரா?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

"ரெண்டு ரூம் தயாரா இருக்கும்மா. மாடி ரூம் பதினோரு மணிக்குத்தான் காலியாகும். இப்ப இதுல பெட்டிய வச்சு எல்லாரும் காலெடுத்து வச்சிருங்க. குளிச்சிட்டு வாறதுக்குள்ள மாடியையும் முடிச்சிருவோம்."

அந்த அம்மாள் மூன்றாம் நம்பர் தரையைக் கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு வலது காலை எடுத்து வைத்தார். பின்னாலேயே எல்லோரும் நுழைந்தார்கள். சற்று நேரத்தில் துண்டும் எண்ணெய்க் கிண்ணமுமாக மொத்தக் குடும்பமும் அருவிக்குக் கிளம்பியது.

கடையநல்லூர்க்காரர் குளித்துத் திரும்பி, பில் கட்டி, பதினோரு மணிக்குச் சற்று முன்னால் புறப்பட்டார். குளித்தவர்கள் ஈரத்தோடு திரும்பியபோது எட்டில் புது விரிப்பு போட்டிருந்தது.

சாயங்காலம் அண்ணாச்சி, மறுநாள் வருகிறவர்கள் ரூம் கேட்டு எழுதிய கடிதங்களை என் பக்கம் தள்ளினார். "ரூம் வரிசைய நீயே எழுதிரு. நான் திருத்தல" என்றார்.

"சீசன் முடிஞ்சப்புறம்?"

"மழை நின்னா இங்கன யாரு வருவா?" சுவர்க் காலண்டரைப் பார்த்தார். "கார்த்திகைக்கு ஐயப்பசாமிக வரும். அதுவரைக்கும் லீவுன்னு வச்சுக்கோ."

லீவு என்றால் திரும்பி வரவேண்டிய இடம் ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். கடிதங்களை எடுத்துக்கொண்டு, யார் எந்த ரயிலில் வருகிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினேன்.